'சரி பா'ன்னு அடிச்சா சொந்த ஊர் அட்ரஸ் போகுது!

உங்க போன்ல இருந்து நீங்க அடிக்காத ஒரு வரி, நீங்களே அனுப்பின மெசேஜ் நடுவுல போய் உட்கார்ந்திருக்கா? ரெண்டு வார்த்தை சரியா இருக்கும், மூணாவது இடத்துல சம்பந்தமே இல்லாம ஒரு முழு முகவரி. அப்புறம் மறுபடி ஒழுங்கான வார்த்தைகள். பேய், பிசாசு, ஹேக்கர் என்றெல்லாம் பயப்படறதுக்கு முன்னாடி என் சித்தப்பா பொண்ணு கதையைக் கேளுங்க.

தங்கச்சி கோவை பக்கம் பொறியியல் கடைசி வருஷம். பிளேஸ்மென்ட் சீஸன். ஒவ்வொரு கம்பெனியும் ஒரு ஆன்லைன் ஃபார்ம் அனுப்பும். ஒவ்வொரு ஃபார்மிலும் அதே கேள்விகள். நிரந்தர முகவரி என்ன? தற்போதைய முகவரி என்ன? பெற்றோர் செல் நம்பர் என்ன? பத்தாவது ஃபார்ம்லயே கட்டை விரல் தேய்ஞ்சு போச்சு. அப்பத்தான் யாரோ ஒரு சீனியர் ஐபோன்ல இருக்கிற அந்த வசதியைச் சொல்லிக் கொடுத்திருக்கார்.

Settings > General > Keyboard > Text Replacement

இதுக்குள்ள போய் மேலே இருக்கிற பிளஸ்ஸைத் தட்டினா ரெண்டு கட்டம் வரும். Phrase என்கிற கட்டத்துல முழுசா வரவேண்டிய வரி. Shortcut என்கிற கட்டத்துல அதுக்கு நீங்க வைக்கிற செல்லப் பேர். தங்கச்சி ரெண்டு பேர் வெச்சா. Permanent address என்பதற்கு pa. Hostel address என்பதற்கு ha. pa-வுக்குள் கதவு எண், தெரு, ஊர், பின்கோடு, கடைசியில் அப்பா நம்பர். ha-வுக்குள் லேடீஸ் ஹாஸ்டல் பேர், பிளாக், ரூம் நம்பர், பின்கோடு. அடடா, என்ன புத்திசாலித்தனம்! ரெண்டு எழுத்து, ஒரு ஸ்பேஸ், ஃபார்ம் ரெடி.

அம்மணி மறந்த ஒரே விஷயம், அந்த போன் ஃபார்ம் நிரப்ப மட்டும் இல்லை. சாட் பண்ணவும் அதே கீபோர்டுதான். நாம சாட் பண்றது தங்கிலீஷ்ல!

முதல் அறிகுறி அப்பாவிடமிருந்து வந்தது. "Pa, mess fees katta kadaisi naal naalaikku" என்று அடிச்சு அனுப்பியிருக்கா. சித்தப்பாவுக்குப் போனது, அவர் சொந்த வீட்டு முகவரி, அவர் சொந்த செல் நம்பர், அப்புறம் மெஸ் ஃபீஸ். மனுஷன் பொறுமையா பதில் போட்டிருக்கார்: "நம்ம வீட்டு அட்ரஸை எனக்கே ஏம்மா அனுப்புற?" இவ ஏதோ காப்பி பேஸ்ட் தப்புன்னு நினைச்சு விட்டுட்டா. (இங்கேயே நிறுத்தி யோசிச்சிருந்தா இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.)

நடந்தது இதுதான். இந்த வசதிக்கு அர்த்தம் தெரியாது. எழுத்து மட்டும்தான் தெரியும். நீங்க அடிச்ச எழுத்துகள் தனி வார்த்தையா நின்று, பக்கத்தில் ஒரு ஸ்பேஸோ, கமாவோ, புள்ளியோ விழுந்தா, லிஸ்ட்ல தேடிப் பார்த்து அப்படியே மாற்றிவிடும். கேபிடல் P போட்டாலும் அதுக்கு pa-தான். ஆனா ஒட்டி அடிச்சா தெரியாது. "illapa" என்று சேர்த்து அடிச்சீங்கன்னா தப்பிச்சீங்க. "illa pa" என்று இடம் விட்டீங்கன்னா மாட்டினீங்க. தமிழ் எழுத்திலேயே 'பா' என்று அடிக்கிறவங்களுக்கும் தொல்லை இல்லை, அது வேற எழுத்து.

சரி, அப்போ ஏன் மாசக்கணக்கா ஒண்ணும் ஆகலை? அதுதான் சுவாரஸ்யம். நீங்க யார்கிட்ட 'பா' போடறீங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நெருங்கின தோழிக்கு 'டி'. கிளாஸ்மேட் பையனுக்கு 'டா'. அம்மாவுக்கு 'மா'. லெக்சரருக்கு 'சார்', 'மேம்'. அப்போ 'பா' யாருக்கு? அப்பாவை விட்டா, பாதி தெரிஞ்ச ஆளுக்கு! ஜூனியர், வேற டிபார்ட்மென்ட் ஆள், குரூப்ல இன்னிக்குத்தான் நம்பர் கிடைச்ச யாரோ ஒருத்தர்... 'டா' போடற அளவுக்குப் பழக்கம் இல்லை, 'சார்' போடற அளவுக்கு மரியாதையும் தேவையில்லை என்கிற இடத்துல தமிழன் கண்டுபிடிச்ச அருமையான எழுத்து அது. ஆக தங்கச்சி வெச்ச பொறி, சிநேகிதிகள்கிட்ட வாயைத் திறக்கவே இல்லை. முன்பின் தெரியாத ஆள் வந்ததும் டப்புன்னு திறந்துச்சு.

ஹாஸ்டல் காலி பண்றப்ப அவளோட பழைய சைக்கிளை விற்க காலேஜ் குரூப்ல போட்டோ போட்டா. யாரோ ஒருத்தர் தனியா மெசேஜ் பண்ணி, 'அறுநூறுக்குத் தருவீங்களா'ன்னு கேட்டிருக்கார். இவ அடிச்சது:

"illa pa 800 than last"

அவருக்குப் போனது:

"illa [கதவு எண், தெரு, ஊர், பின்கோடு, அப்பா நம்பர்] 800 than last"

(கட்டத்துக்குள்ள உள்ளதை இங்கேயும் அச்சடிச்சா தங்கச்சி என்னைக் கொன்னுடுவா. அதனால சென்சார்!)

வாங்க வந்தவர் பாவம், நல்லவர்தான். இவ்வளவு விவரமா போன் நம்பர் குடுத்திருக்காங்களே, விலை பேச இந்த நம்பருக்குத்தான் கூப்பிடணும் போலன்னு நினைச்சுட்டார். ராத்திரி ஒன்பதரை மணிக்கு சித்தப்பாவுக்கு போன். "உங்க பொண்ணு சைக்கிள் விஷயமா..." என்று ஒரு ஆண் குரல். மீதி என்ன நடந்திருக்கும்னு வீட்டுல பொண்ணு இருக்கிறவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "யார் அவன்? நம்ம வீட்டு அட்ரஸை எதுக்குக் குடுத்த?" "நான் குடுக்கலைப்பா!" "அப்புறம் எப்படிடீ அவன் தெருப் பேர் முதற்கொண்டு சொல்றான்?" அரை மணி நேரம் விசாரணைக் கமிஷன். 'நான் குடுக்கலை' என்று அவ சொன்னது சத்தியமான உண்மை. அவ போனிலிருந்துதான் போனது என்பதும் உண்மை. ரெண்டும் எப்படி உண்மையா இருக்க முடியும்னு வீட்டுல யாருக்கும் புரியலை, அவளுக்கும் சேர்த்து.

கேஸ் என்கிட்ட வந்தது மறுநாள் காலையில.

இந்த மாதிரி விசாரணையில முதல் கேள்வி, திருடன் யார் என்பதுதான். ஆட்டோ கரெக்டா, ஷார்ட்கட்டா? கண்டுபிடிக்கிறது சுலபம். ஆட்டோ கரெக்ட் ஊகம் பண்ற ஆசாமி. நீங்க அடிச்சதுக்குப் பக்கத்துல இருக்கிற இன்னொரு வார்த்தையைப் போடும், இன்னிக்கு ஒண்ணு போட்டா நாளைக்கு வேற போடும். ஷார்ட்கட் ஊகமே பண்ணாது. அடிச்சதுக்கும் வந்ததுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட இருக்காது, ஆனா கமா, புள்ளி மாறாம ஒவ்வொரு முறையும் அதே வரிதான் வரும். நோட்ஸ் ஆப்பைத் திறந்து, சந்தேகப்படற வார்த்தையைத் தனியா அடிச்சு ஸ்பேஸ் தட்டுங்க. மூணு முறை செய்யுங்க. மூணு முறையும் அதே வரின்னா திருடன் லிஸ்ட்லதான் இருக்கான். தங்கச்சி போன்ல pa அடிச்சதும் மூணு முறையும் எங்க சித்தப்பா வீடு வந்து நின்னது. கேஸ் முடிஞ்சது!

முடிஞ்சதுன்னு நினைச்சோம். அன்னிக்கு சாயங்காலம் பத்தாவது படிக்கிற அவ தம்பி மெதுவா வந்தான். "அக்கா, எனக்கும் ஒரு பிரச்னை..."

அக்காவோட பழைய ஐபோன்தான் இப்ப தம்பி கையில. போனைக் குடுத்தவ, அதுல இருந்த தன்னோட ஆப்பிள் கணக்கை எடுக்கலை. ரெண்டு போனும் ஒரே கணக்கு. இந்த ஷார்ட்கட் லிஸ்ட் போனுக்குச் சொந்தமில்லை பாஸ், கணக்குக்குச் சொந்தம். ஐகிளவுட் வழியா ஒரே கணக்குல இருக்கிற எல்லாக் கருவிகளுக்கும் போய்ச் சேரும். அக்கா ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து ha என்று எழுதி வெச்சது, தம்பி பள்ளிக்கூடப் பையில இருந்த போனிலும் வந்து உட்கார்ந்திருக்கு.

அக்கா சிரிக்கறப்ப "haha" என்று சேர்த்து அடிக்கிற ரகம். அதனால அவளுக்கு அது மாட்டவே இல்லை. தம்பி விட்டு விட்டு சிரிக்கிற ரகம். பசங்க குரூப்ல யாரோ கடி ஜோக் போட, இவன் "ha ha ha" என்று அடிச்சு அனுப்ப, லேடீஸ் ஹாஸ்டல் முகவரி, ரூம் நம்பரோட, மூணு தடவை வரிசையா போய் விழுந்திருக்கு. அடுத்த நாள் வகுப்புல பையனைக் கலாய்ச்ச கலாய்ப்பு தாங்காம ரெண்டு நாள் வயித்து வலின்னு லீவு போட்டிருக்கான். நாங்க சிரிச்சோம். அப்புறம்தான் உறைச்சது... அக்கா தங்கற ரூம் நம்பர் நாற்பது பையன்கள் போன்ல இருக்கு.

இதுல கவனிக்க வேண்டிய இன்னொண்ணு, அந்த லிஸ்ட்ல தம்பி அழிச்சாலும் அக்கா போனிலும் அழியும். அக்கா திரும்பப் போட்டா தம்பிக்கும் திரும்ப வரும். லிஸ்ட்டைத் திருத்தறது பாதி வேலைதான். பழைய போனை வீட்டுல யாருக்காவது கொடுக்கறப்ப உங்க கணக்கிலிருந்து வெளியே வந்து, போனை முழுசா அழிச்சுட்டுக் கொடுக்கணும்.

'நான் எந்த ஷார்ட்கட்டும் வைக்கலையே, எனக்கென்ன கவலை'ன்னு சொல்றீங்களா? ஐபோன் வெச்சிருந்தா உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு. வாங்கறப்பவே உள்ள இருந்து வருது. omw என்று அடிச்சு ஸ்பேஸ் தட்டிப் பாருங்க. "On my way!" என்று வரும். கடைசியில இருக்கிற ஆச்சரியக்குறியைக் கவனிச்சீங்களா? சினிமாவுக்குப் போறப்ப அது கும்முன்னு இருக்கும். என் நண்பன் ஒருத்தனுக்கு, கூடப் படிச்சவனோட அப்பா தவறிட்டார்னு விடியற்காலையில சேதி. தூக்கக் கலக்கத்துல பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிக்கிட்டே "omw da" என்று அடிச்சிருக்கான். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது, "On my way! da". துக்க வீட்டுல உட்கார்ந்திருக்கிறவன் கையில ஒரு குதூகலமான ஆச்சரியக்குறி. அவன் ஒண்ணும் நினைச்சுக்கலை. அனுப்பினவனுக்குத்தான் இன்னிக்கு வரைக்கும் அது உறுத்துது. அதே லிஸ்ட்ல போய் omw-ஐத் தட்டி, ஆச்சரியக்குறியை மட்டும் எடுத்துடலாம். அல்லது அந்த வரியையே இடது பக்கம் தள்ளி அழிச்சுடலாம். பத்து செகண்ட் வேலை.

லிஸ்ட்டைத் திறந்தவங்களில் சிலருக்கு i என்று ஒரு வரி இருக்கலாம். 'இதை நான் போடலையே'ன்னு முழிக்காதீங்க, அனேகமா நீங்களே போட்டதுதான். 2017 அக்டோபர் கடைசியில ஐ.ஓ.எஸ். 11.1 வந்தப்ப, சின்ன i அடிச்சா A என்ற எழுத்தும் பக்கத்துல ஒரு கட்டமும் வந்து நின்னுச்சு. அதுக்கு ஆப்பிளே சொன்ன தற்காலிக வைத்தியம், Phrase-ல் பெரிய I, Shortcut-ல் சின்ன i என்று ஒரு வரி போட்டுக்கோங்க என்பதுதான். சில நாள்லயே 11.1.1 வந்து நோய் போயிடுச்சு. மருந்து மட்டும் சில போன்கள்ல அப்படியே கிடக்குது.

ஆண்ட்ராய்டு பார்ட்டிகள் ரொம்ப சிரிக்காதீங்க. ஜிபோர்டுல இதே வசதி Dictionary > Personal dictionary என்ற இடத்துல இருக்கு. ஒரு வித்தியாசம், அது வழக்கமா தானா மாத்தாது. கீபோர்டுக்கு மேலே இருக்கிற வரிசையில 'இதைப் போடட்டுமா'ன்னு காட்டும், நீங்க தொட்டாத்தான் போடும். கொஞ்சம் மரியாதை தெரிஞ்ச ஆசாமி. ஆனா ஓடற பஸ்ல நின்னுக்கிட்டு அடிக்கறப்ப விரல் அந்த வரிசையில பட்டா அங்கேயும் அதே கதைதான்.

ஐபோனும் சொல்லாம கொள்ளாம செய்யறதில்லை. நீங்க pa அடிச்ச உடனே, ஸ்பேஸ் தட்டறதுக்கு முன்னாடியே, வரப்போற வரியைக் காட்டும். மேலே வரிசை வெச்சிருந்தா இடது பக்கம் மேற்கோள் குறிக்குள்ள நீங்க அடிச்ச "pa" இருக்கும். அதைத் தொட்டா அப்படியே விட்டுடும். பிரச்னை என்னன்னா, நம்ம கண்ணு அங்கே இருக்காது, ஸ்பேஸ் அடிச்சுட்டு அடுத்த வார்த்தைக்குப் போயிருப்போம். வார்த்தை நடுவுல மாறினா கூட ஸ்கிரீன்ல நீளமா ஏதோ ஓடறது தெரியும். கடைசி வார்த்தையா இருந்தா இன்னும் மோசம். "sari pa" என்று அடிச்சு, ஸ்பேஸ் தட்டாம நேரா அனுப்பற பட்டனை அழுத்தறப்பவும் மாறிப் போயிடலாம். அது போன பிறகுதான் பார்ப்பீங்க.

போனதைப் பார்த்துட்டீங்க. இப்ப என்ன? வாட்ஸ்அப்ல 15 நிமிஷத்துக்குள்ள திருத்தலாம், முன்னாடி என்ன இருந்துச்சுன்னு எதிராளிக்குக் காட்டாது. ரெண்டு நாளுக்கு மேல வரைக்கும் எல்லாருக்கும் சேர்த்து அழிக்கலாம். ஐமெசேஜ்லதான் ஒரு வில்லங்கம். அங்கேயும் 15 நிமிஷம் திருத்தலாம். ஆனா திருத்தினதுக்குக் கீழே உள்ள Edited என்பதைத் தொட்டா, பழைய வரி எதிராளிக்கு அப்படியே தெரியும்! முகவரி போயிட்டா அங்கே திருத்தாதீங்க, 2 நிமிஷத்துக்குள்ள Undo Send பண்ணுங்க. சாதா எஸ்.எம்.எஸ்.னா ஒண்ணும் பண்ண முடியாது. எதுவானாலும், அவர் நோட்டிஃபிகேஷன்லயே படிச்சிருந்தா படிச்சதுதான். நேரா ஒரு போன் பண்ணி விஷயத்தைச் சொல்றது உத்தமம்.

அப்போ ஷார்ட்கட்டே வேண்டாமா? அட, ஏன் பாஸ்! பேர் வைக்கிறதுலதான் விஷயம். 'ஆங்கிலத்துல வார்த்தையா இல்லாத எழுத்தா வைங்க'ன்னு சொல்லிக் கொடுப்பாங்க. அந்த யோசனை ஆங்கிலத்துல மட்டும் சாட் பண்றவங்களுக்கு. pa ஆங்கிலத்துல பெரிசா ஒண்ணும் இல்லை, நமக்கு அது பாதி உரையாடல். போஸ்ட் ஆபீஸ் முகவரிக்கு po வெச்சா, யாரையாவது 'போ'ன்னு சொல்றப்ப போஸ்ட் ஆபீஸ் போகும். வங்கிக் கணக்குக்கு ac வெச்சா, "AC bus ah?" என்று கேட்கறப்ப உங்க கணக்கு நம்பர் பஸ் ஏறிடும். பான் நம்பருக்கு pan வெச்சவர், "PAN card eduthuttu vaa" என்று யாருக்கும் அனுப்பவே முடியாது, கேபிடல்ல அடிச்சாலும் மாட்டும்.

தங்கச்சிக்கு நான் சொன்ன வழி, முன்னாடி ஒரு x. xpa, xha. தங்கிலீஷ்ல xpa, xha என்று வார்த்தை எனக்குத் தெரிஞ்சு இல்லை, கீபோர்டு பக்கத்தை மாத்தி ஏதும் குறி தேடவும் வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸ்ல தயார் பதில்களைக் கொண்டு வர முதல்ல / அடிக்கணும்னு வெச்சிருக்கறதும் இதே தந்திரம்தான், பேச்சுல வராத ஒண்ணு முன்னாடி நிக்கணும். அதோட அப்பா நம்பரை முகவரியிலிருந்து பிரிச்சு தனியா xap என்று வெச்சோம். ஒண்ணு தப்பிப் போனாலும் இன்னொண்ணு கூடப் போகாது. கணக்கு நம்பர், ஆதார் நம்பர் எதையும் அந்த லிஸ்ட்ல வைக்க விடலை. அது ரெண்டும் பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டிய சமாசாரம்.

ஒரு எச்சரிக்கை, ஹாஸ்டல்வாசிகளுக்கு. போன் திறந்து கிடந்தா உங்க அருமை நண்பன் அதே லிஸ்ட்ல போய் ok என்பதற்கு என்ன வேணா எழுதி வெச்சுட்டுப் போகலாம். அதுக்கு அரை நிமிஷம் போதும், கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு வாரம் ஆகும். அதனால ஆட்டோ கரெக்டைத் திட்டறதுக்கு முன்னாடி லிஸ்ட்டை ஒரு முறை மேலிருந்து கீழ் வரைக்கும் பாருங்க.

சைக்கிள் எழுநூறுக்குப் போச்சு. வாங்கினவர்கிட்ட விஷயத்தைச் சொல்லி, அந்த மெசேஜை அவர் பக்கமும் அழிக்கச் சொன்னா, அழிச்சார். தம்பி இப்பல்லாம் சிரிப்புக்குப் பொம்மை மட்டும்தான் போடறான். சித்தப்பா மட்டும் தனக்கு வந்த அந்த மெஸ் ஃபீஸ் மெசேஜை அழிக்கவே இல்லை. கூரியர்காரர் யாராவது அட்ரஸ் கேட்டா, அதையே அப்படியே ஃபார்வர்ட் பண்ணிக்கிட்டு இருக்கார், மெஸ் ஃபீஸோட சேர்த்து.